கீழ், நடு, மேல், மௌனம்

ஐஃபோனில் விளையாடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு நடுவில் ஒரு விளம்பரம் வருகிறது. அதைத் தொட்டு ஆப் ஸ்டோருக்குப் போகிறார். ஆங்கிலம் கற்றுத்தரும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்கிறார், மறுநாள் அதற்குச் சந்தாவும் கட்டுகிறார். விளம்பரத்துக்குப் பணம் கொடுத்த நிறுவனத்துக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். இந்தச் சந்தா எந்த விளம்பரத்தால் வந்தது?

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இதற்கு ஆள்வாரியாகப் பதில் கிடைத்தது. ஒவ்வொரு ஐஃபோனிலும் விளம்பரக்காரர்களுக்கென்றே ஓர் அடையாள எண் இருந்தது. விளம்பரம் பார்த்த போனும் சந்தா கட்டிய போனும் ஒன்றுதானா என்று அந்த எண்ணை வைத்து ஒப்பிட்டுவிடலாம். 2021 ஏப்ரல் 26 அன்று வெளியான ஐஓஎஸ் 14.5, போன்காரரிடம் வெளிப்படையாக அனுமதி கேட்காமல் இந்த எண்ணைத் தொடக்கூடாது என்றது. பெரும்பாலோர் அனுமதி தரவில்லை. இந்த மாற்றத்தால் 2022ஆம் ஆண்டில் சுமார் 1000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, அந்த ஆண்டு பிப்ரவரியில் முதலீட்டாளர்களிடம் சொன்னது.

விளம்பரக் கணக்கு பார்ப்பது என் தொழில். ஆனாலும் போன் வைத்திருப்பவன் என்ற முறையில் ஆப்பிள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். நான் எந்தச் செயலியில் என்ன வாங்கினேன் என்பதை முன்பின் தெரியாத பத்து நிறுவனங்கள் அறிந்திருக்கத் தேவையில்லை. தனி ஆளின் தடத்தை மறைத்துவிட்ட பிறகும், விளம்பரம் வேலை செய்ததா என்பதை மட்டும் நேர்மையாகக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். அதற்குக் கைக்கு வரும் எண்களைப் படிக்கும் விதம் மாறவேண்டும்.

ஆள்வாரிக் கணக்குக்குப் பதிலாக ஆப்பிள் முன்வைத்த ஏற்பாட்டின் பெயர் எஸ்கேஆட்நெட்வொர்க். இன்று நடைமுறையில் பேசப்படும் அதன் நான்காம் பதிப்பு 2022 அக்டோபரில் ஐஓஎஸ் 16.1 உடன் வந்தது. 2024இல் வந்த ஆட்அட்ரிபியூஷன்கிட் என்ற அடுத்த ஏற்பாடும் இதே அடிப்படையில் இயங்குகிறது. எந்த விளம்பரத்தால் செயலி வந்தது என்பதைப் போனே தனக்குள் குறித்துவைத்துக்கொள்ளும். சில நாள் கழித்து, ஆள் யார் என்று சொல்லாமல், ஒரு சிறு தகவலை விளம்பர நிறுவனத்துக்கு அனுப்பும். தொழிலில் இதைப் போஸ்ட்பேக் என்பார்கள். அதன் முக்கியமான வரிகள் இப்படி இருக்கும்:

```
"version": "4.0",
"source-identifier": "17",
"did-win": true,
"postback-sequence-index": 0,
"coarse-conversion-value": "medium"
```

17 என்பது பிரசாரத்தின் எண். கடைசி வரியில் உள்ளதுதான் அந்தப் பயனர் செயலிக்குள் என்ன செய்தார் என்பதற்கான குறிப்பு. இந்தத் தகவலில் பெயர் இல்லை, போன் எண் இல்லை என்பது எல்லோருக்கும் உடனே தெரிகிறது. தேதியும் இல்லை என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. செயலி எப்போது இறக்கப்பட்டது, எப்போது திறக்கப்பட்டது என்று எங்கும் எழுதியிருக்காது. வந்து சேர்ந்த நேரம் மட்டுமே நமக்குத் தெரியும்.

பயனரின் மதிப்பைச் சொல்ல இரண்டு வகைக் குறிப்புகள் உண்டு. நுண்மதிப்பு என்பது 0 முதல் 63 வரையிலான ஓர் எண். எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதைச் செயலிக்காரரே முடிவு செய்துகொள்ளலாம். பருமதிப்பு என்பது `low`, `medium`, `high` என்ற மூன்று சொற்களில் ஒன்று. இவற்றைக் கீழ், நடு, மேல் என்று வைத்துக்கொள்வோம். பரீட்சையில் மார்க் தருவதற்கும் வெறும் கிரேடு தருவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

எது கிடைக்கும் என்பது கூட்டத்தைப் பொறுத்தது. ஒரு பிரசாரத்தால் நிறையப் பேர் வந்திருந்தால், அந்தக் கூட்டத்தில் ஒருவரைத் தனியே அடையாளம் காண்பது கடினம். அப்போது ஆப்பிள் நுண்மதிப்பைத் தருகிறது. கூட்டம் குறைந்தால் பருமதிப்பு மட்டும். இன்னும் குறைந்தால், ஒருவர் செயலியை இறக்கினார் என்ற செய்தி மட்டும் வரும், மதிப்பு வரவே வராது. இந்த வெற்றிடத்தைத்தான் மௌனம் என்கிறேன். எத்தனை பேர் சேர்ந்தால் கூட்டம் என்பதை ஆப்பிள் வெளியிடவில்லை.

ஒரு பயனரிடமிருந்து அதிகபட்சம் மூன்று போஸ்ட்பேக் வரலாம். முதலாவது, செயலியைத் திறந்த முதல் இரண்டு நாட்களைப் பற்றியது. இரண்டாவது, ஏழாம் நாள் முடிய. மூன்றாவது, முப்பத்தைந்தாம் நாள் முடிய. பின்னிரண்டில் எவ்வளவு பெரிய கூட்டமானாலும் பருமதிப்புதான். காலம் முடிந்ததும் போன் உடனே அனுப்பிவிடாது. முதலாவதை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு நேரத்தில் அனுப்பும். மற்ற இரண்டையும் 24 முதல் 144 மணி நேரத்துக்குள் அனுப்பும். எந்த நேரம் என்பது குலுக்கிப்போட்டது போல அமையும். வந்த நேரத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக்கூடாது என்பதற்காகவே இந்தக் குழப்பம். ஒரே ஆளின் மூன்று போஸ்ட்பேக்குகளையும் ஒன்றோடொன்று இணைக்கவும் வழியில்லை.

எனவே முதல் போஸ்ட்பேக் என்பது, செயலி முதன்முறை திறக்கப்பட்டு மூன்று நாள் கழிந்து, நான்கு நாள் முடிவதற்குள் வந்து சேர்வது. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதித் தவறுகள் நடக்காது. தினமும் 500 டாலர் செலவழித்து வந்த ஒருவர், ஒரு திங்கட்கிழமை அதை 1000 டாலராக உயர்த்துகிறார் என்று கொள்வோம். செவ்வாய்க்கிழமை அறிக்கையில் செலவு இரட்டிப்பாக இருக்கும். வந்த போஸ்ட்பேக்குகளோ முந்தைய வெள்ளி, சனியில் திறந்தவர்களுடையவை, பழைய அளவிலேயே இருக்கும். ஒரு பயனரைப் பிடிக்க ஆகும் செலவு இரட்டிப்பாகிவிட்டதாகத் தோன்றும். பதறிப்போய் அவர் தொகையைக் குறைப்பார். அடுத்த சில நாட்களில் செலவு குறைவாகவும், உயர்த்திய நாளின் பயனர்கள் வந்து சேர்வதால் எண்ணிக்கை அதிகமாகவும் இருக்கும். குறைத்ததால்தான் பலன் கிடைத்தது என்று நம்பிவிடுவார். இரண்டு முடிவுகளும் காற்றில் எடுக்கப்பட்டவை. செலவுக் கணக்கை மூன்று நான்கு நாள் தள்ளிவைத்து ஒப்பிட்டிருந்தால் எந்த மாற்றமும் தெரிந்திருக்காது.

இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. முழு இரண்டு நாள் காத்திருக்க வேண்டாம் என்று நினைத்தால், செயலி தன் கணக்கை முன்னதாகவே பூட்டிவிட ஆப்பிள் அனுமதிக்கிறது. பூட்டிய நேரத்திலிருந்து 24 முதல் 48 மணி நேரத்தில் போஸ்ட்பேக் கிளம்பும். சீக்கிரம் தெரிந்துகொள்ளலாமே என்ற ஆசையில் சிலர் சந்தா கட்டியவுடன் பூட்டும்படி நிரல் எழுதிவிடுகிறார்கள். ஒரு மாதத்தின் முதல் தேதியில் நூறு பேர் செயலியைத் திறந்து, அவர்களில் பத்துப் பேர் அன்றே சந்தா கட்டினால் என்ன ஆகும்? அந்தப் பத்துப் பேரின் போஸ்ட்பேக்குகள் இரண்டு, மூன்றாம் தேதிகளில் வந்துவிடும். மற்ற தொண்ணூறும் நான்கு, ஐந்தாம் தேதிகளில்தான் வரும். மூன்றாம் தேதி அறிக்கையைத் திறப்பவருக்கு, வந்தவர்கள் எல்லோருமே சந்தா கட்டியவர்களாகத் தெரிவார்கள். பிரசாரம் சீராக ஓடும் வரை இந்தக் கோணல் வெளியே தெரியாது. தொடங்கும்போதும் வளரும்போதும் பிரமாதமாகக் காட்டும், நிறுத்தும்போது சரிந்ததாகக் காட்டும். பூட்டுவதானால் வாங்கியவர், வாங்காதவர் எல்லோருக்கும் ஒரே கால அளவில் பூட்டவேண்டும். அதற்கு வாங்காதவரும் அந்த நேரத்தில் செயலியைத் திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் செயலி ஓடும்போதுதான் எதையும் பதிவு செய்ய முடியும். அதனால் பெரும்பாலான செயலிகள் பூட்டாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

இனி மூன்று சொற்களையும் மௌனத்தையும் பணமாக மாற்றும் கதை. ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். நாம் சொன்ன ஆங்கிலச் செயலி, மார்ச் 1 முதல் 7 வரை அமெரிக்காவில் 17ஆம் எண் பிரசாரத்தை நடத்தி 3500 டாலர் செலவழிக்கிறது. முதல் போஸ்ட்பேக்குகள் மார்ச் 4இல் தொடங்கி 11இல் முடியும். இறக்கியும் சில நாள் திறக்காமல் வைத்திருந்தவர்களுடையவை அதற்குப் பிறகும் சொட்டுச் சொட்டாக வரும். மொத்தம் 1000 வந்ததாக வைத்துக்கொள்வோம். இவற்றில் `did-win` என்ற இடத்தில் `true` உள்ளவற்றையே எண்ணவேண்டும். ஒரே பயனருக்கு விளம்பரம் காட்டித் தோற்ற மற்ற நிறுவனங்களுக்கும் `false` என்ற குறியோடு ஒரு நகல் போகும். எல்லாவற்றையும் கூட்டினால் ஒருவரே இருவராகவும் மூவராகவும் ஆகிவிடுவார்.

இந்தச் செயலி வைத்த வரையறை எளியது. திறந்து பார்த்ததோடு நின்றவர் கீழ். இலவசச் சோதனைக் காலத்தைத் தொடங்கியவர் நடு. நேராகப் பணம் கட்டியவர் மேல். நுண்மதிப்போடு வந்தவற்றையும் இதே மூன்று படிகளில் சேர்த்துவிடலாம். சேர்த்துப் பார்த்தால் கீழ் 600, நடு 200, மேல் 50, மௌனம் 150.

நடு என்ற சொல்லுக்கு எத்தனை டாலர்? இங்கேதான் பலர் மறந்துவிடும் ஒரு வசதி இருக்கிறது. ஒரு பயனர் எந்த விளம்பரத்தால் வந்தார் என்பதுதான் நிறுவனத்துக்குத் தெரியாது. அவர் செயலிக்குள் எவ்வளவு செலவழித்தார் என்பது அதன் சொந்த ஏட்டிலேயே இருக்கிறது. ஆகவே கடந்த சில மாதங்களில் வந்த எல்லாப் பயனரையும் இதே மூன்று படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியினரும் 35 நாளில் சராசரியாக எவ்வளவு கட்டினார்கள் என்று எடுக்கலாம். கீழுக்கு 40 சென்ட், நடுவுக்கு 6 டாலர், மேலுக்கு 38 டாலர் என்று வருவதாகக் கொள்வோம். அப்படியானால் 600 பேரிடமிருந்து 240 டாலர், 200 பேரிடமிருந்து 1200, 50 பேரிடமிருந்து 1900. கூட்டினால் 3340 டாலர்.

மௌனமான 150 பேரை என்ன செய்வது? பூஜ்யம் என்று வைத்தால் 160 டாலர் நஷ்டம். மற்ற 850 பேரைப் போலவே இவர்களும் இருப்பார்கள் என்று வைத்தால், ஆளுக்குச் சராசரி 3.93 டாலர், மொத்தம் 3929, அதாவது நல்ல லாபம். அறிக்கை தயாரிக்கும் மென்பொருள் இவற்றில் ஒன்றை நமக்குச் சொல்லாமலே தேர்ந்தெடுத்துவிடும். எதைத் தேர்ந்தெடுத்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அந்த எண்ணை நம்பக்கூடாது. நான் கேள்வியைத் திருப்பிப் போடுவேன். செலவை ஈடுகட்ட இந்த 150 பேரும் 160 டாலர் கொண்டுவர வேண்டும், ஆளுக்கு 1.07 டாலர். மற்றவர்களின் சராசரியில் கால்பங்குக்குச் சற்று அதிகம். இவர்கள் அந்த அளவுகூடப் பெறமாட்டார்களா?

மௌனம் மதிப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, கூட்டத்தைப் பற்றித்தான் சொல்கிறது. விளம்பரம் அதிகம் ஓடாத சிறு செயலிகளிலிருந்து வந்தவர்களிடமே மௌனம் மிகும். அவர்கள் ஏழைகள் என்றோ வாங்காதவர்கள் என்றோ பொருள் இல்லை. மற்றவர்களைப் போன்றவர்கள் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் வந்த இடம் வேறு. கால்பங்கு மதிப்பு இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். இந்த அளவில் பிரசாரம் தப்பித்தது போலத் தெரிகிறது.

ஆனால் உண்மையான ஆபத்து மௌனத்தில் இல்லை, 40 சென்ட், 6 டாலர், 38 டாலர் என்ற அந்த அட்டவணையில் இருக்கிறது. அது எல்லாப் பயனரையும் சேர்த்து எடுத்த சராசரி. அதில் நண்பர் சொல்லி வந்தவரும், தானாகத் தேடி வந்தவரும் உண்டு. ஆங்கிலம் கற்கவேண்டும் என்று முடிவெடுத்துத் தேடி வந்தவர் சோதனைக் காலம் முடிந்ததும் சந்தா கட்டுவார். விளையாட்டின் நடுவே விளம்பரத்தைத் தொட்டு வந்தவரும் சோதனைக் காலத்தைத் தொடங்குவார், ஆனால் ஆறாம் நாள் ரத்து செய்துவிடும் வாய்ப்பு அதிகம். இருவரும் முதல் இரண்டு நாளில் ஒரே மாதிரி நடுதான். விளம்பரத்தால் வந்தவர்களின் உண்மை மதிப்பு அட்டவணையைவிட 15 சதவீதம் குறைவு என்று வைத்துப் பாருங்கள். 3340 என்பது 2839 ஆகிவிடும். மௌனமானவர்களையும் மற்றவர்களுக்குச் சமமாக மதித்தால்கூட மொத்தம் 3340தான். இப்போது எப்படிப் பார்த்தாலும் நஷ்டம். மௌனத்தைப் பற்றி நாம் செய்த வாதமெல்லாம் இந்த ஒரு சராசரியின் முன் சிறிதாகிவிடுகிறது.

அட்டவணையைச் சோதிக்க இரண்டு வழிகளை நான் நம்புகிறேன். பின்தொடர அனுமதி தந்த சிறு பகுதியினர் எப்போதும் இருப்பார்கள். அவர்கள் எந்தப் பிரசாரத்தால் வந்தார்கள் என்று நேராகவே தெரியும். அவர்களில் விளம்பரத்தால் வந்தவர்களை மட்டும் எடுத்து மூன்று படிகளின் சராசரியைத் தனியே கணக்கிட்டால் அட்டவணை எவ்வளவு கோணல் என்று தெரியும். அனுமதி தருபவரும் தராதவரும் ஒரே குணத்தினர் அல்லர், அதனால் இதை ஒரு திருத்தமாகக் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ள முடியாது. இரண்டாவது வழி பின்னால் வரும் போஸ்ட்பேக்குகள். மூன்றாவது காலத்துக்கு வேறு வரையறை வைக்க வேண்டும்: சோதனைக் காலம் முடிந்து உண்மையில் பணம் கட்டியவரே மேல். நம் மார்ச் பிரசாரத்துக்கு இவை ஏப்ரல் 6 முதல் 17 வரை வரும். அதற்கு முன்பே பிரசாரத்தின் மதிப்பு இதுதான் என்று யாராவது உறுதியாகச் சொன்னால், அவர் சொல்வது அட்டவணையின் மதிப்பைத்தான்.

மூன்றாவது போஸ்ட்பேக்கில் வகுக்கும் எண்ணைப் பற்றி எச்சரிக்கை வேண்டும். 120 வந்து அவற்றில் 40 மேல் என்றால் மூன்றில் ஒரு பங்கினர் பணம் கட்டினார்கள் என்று படிக்கத் தோன்றும். அந்தக் காலத்தில் செயலியையே திறக்காதவர்களைப் பற்றிச் சொல்வதற்கு எதுவும் இருக்காது. கூட்டம் போதாதவர்களுக்கும் இரண்டாவது, மூன்றாவது போஸ்ட்பேக்குகள் கிடையாது. ஆக அந்த 120 பேர், தங்கிவிட்டவர்களில் நமக்குத் தெரியவந்தவர்கள் மட்டுமே. 40ஐ வகுக்கவேண்டியது முதலில் மதிப்போடு வந்த 850ஆல். வருவது 5 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. இதே வகையில் சொந்த ஏட்டிலிருந்தும் ஒரு விகிதம் எடுத்து அருகில் வைத்தால்தான் ஒப்பீடு ஒப்பீடாகும்.

இந்தக் கணக்கையெல்லாம் செய்ய மூலத் தகவல் கையில் இருக்கவேண்டும். விளம்பர நிறுவனங்களின் பலகையில் தெரியும் எண்களில் அவர்களுடைய மதிப்பீடும் கலந்திருப்பது வழக்கம். ஐஓஎஸ் 15 முதல், வென்ற போஸ்ட்பேக்கின் நகலைச் செயலிக்காரரே நேரடியாகப் பெறலாம். செயலியின் `Info.plist` கோப்பில் `NSAdvertisingAttributionReportEndpoint` என்ற வரியில் தம் சர்வரின் முகவரியைக் கொடுத்தால் போதும். சிறு செயலிக்காரர்கள்கூட இதைச் செய்துவைக்கவேண்டும் என்று வற்புறுத்துவேன்.

மௌனத்தைக் குறைப்பது ஓரளவு நம் கையிலும் இருக்கிறது. 3500 டாலரைப் பத்துப் பிரசாரங்களாகப் பிரித்து, வயதுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என்று ஓட்டுவது பழைய பழக்கம். அன்று அது நுணுக்கமாகப் பார்க்க உதவியது. இன்று ஒவ்வொன்றிலும் கூட்டம் சிறுத்து, நுண்மதிப்பு பருமதிப்பாகி, பருமதிப்பு மௌனமாகிவிடும். பத்தை இரண்டாகச் சேர்த்தால் விவரம் குறைந்தது போலத் தோன்றும், ஆனால் கைக்கு வரும் தகவல் கூடும். சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் மௌனத்தின் பங்கை வாரவாரம் குறித்துவைத்தால் பலன் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பங்கு திடீரென்று உயரும் வாரத்தில் வருமானம் விழுந்ததாக அறிக்கை சொன்னால், முதலில் மௌனத்தைத்தான் சந்தேகிக்கவேண்டும்.

போஸ்ட்பேக் எதையும் நம்பாத ஒரு சோதனையும் உண்டு. கனடா போன்ற ஒரு நாட்டில் விளம்பரத்தை இரண்டு வாரம் முழுக்க நிறுத்திவிட்டு, அந்நாட்டின் மொத்தப் புதுச் சந்தா எவ்வளவு குறைகிறது என்று சொந்த ஏட்டில் பார்ப்பது. விளம்பரம் இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடியவர்களை இதுதான் பிரித்துக் காட்டும். அதற்கும் ஓர் அளவு இருக்கிறது. செயலியின் வார வருமானம் இயல்பாகவே 2000 டாலர் ஏறி இறங்குமானால், வாரம் 500 டாலர் கொண்டுவரும் பிரசாரத்தை நிறுத்தியும் எதுவும் தெரியாது. நம் 17ஆம் எண் பிரசாரத்தை நடத்துபவர் என்னிடம் கேட்டால், ஏப்ரல் 17 வரை தொகையை உயர்த்தவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் என்பேன். அதுவரை கிடைக்கும் நேரத்தில் கடந்த ஆறு மாதத்தின் வார வருமானத்தை எடுத்துவைத்து, அது தானாக எவ்வளவு ஆடுகிறது என்று அளந்து வைத்துக்கொள்ளட்டும்.